கைகோத்துச் சாயும் கம்புகள்

1986 ஐப்பசியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். சைட் இஞ்சினியருக்கு வயது இருபத்தைந்துக்குள். சென்ட்ரிங் மேஸ்திரிக்கு அறுபதைத் தொடும் வயது. மண்டபத்தின் கூரைகளையெல்லாம் இவர்கள் இருவரும் சண்டை சச்சரவில்லாமல் முடித்துவிட்டார்கள். முகப்புப் போர்டிகோவில்தான் முட்டிக்கொண்டது.

போர்டிகோ 30 அடி நீளம், 20 அடி அகலம், ஆறு தூண்கள். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. உயரம்தான் விசேஷம். மண்டப முதலாளிக்கு முகப்பு இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கவேண்டும் என்று ஆசை. அதனால் தரையிலிருந்து தளத்தின் அடிவரை 20 அடி. அதுவரை நாங்கள் போட்ட தளங்கள் எல்லாம் 10 அடி, 11 அடி. ஒரே கம்பை நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. 20 அடிக்கு ஒரே தடிமனில் நேரான சவுக்குக் கம்பு கிடைக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுப்போட்டுத்தான் நிறுத்தவேண்டும்.

இன்று சென்ட்ரிங் என்றால் இரும்பு. அன்று டெல்டாவில் அது சவுக்கு. கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைத் தோப்புகளிலிருந்து லாரியில் வரும். மேஸ்திரி ஒவ்வொரு கம்பையும் உருட்டிப் பார்த்து வளைந்ததை ஒதுக்குவார், வெடிப்பு விட்டதை ஒதுக்குவார். மிச்சத்தில் தடித்தது பீமுக்கு, மெலிந்தது ஸ்லாபுக்கு. இந்தத் தேர்வை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இஞ்சினியர் தன் திட்டத்தை ஒரு கிராஃப் தாளில் வரைந்துகொண்டு வந்தார். அந்தத் தாளை நான் இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சைட்டுகளில் முட்டுக்குக் கணக்குப் போட்டவர்கள் மிகக் குறைவு. தளம் 6 அங்குலம் கனம். சதுர அடிக்கு 35 கிலோ. தகடும் சட்டமும் 5 கிலோ. மேலே நடக்கும் ஆட்கள், கொட்டிக் கிடக்கும் கலவை, வைப்ரேட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 23 கிலோ. ஆகச் சதுர அடிக்கு 63 கிலோ. மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் கம்பு நிறுத்தினால் ஒரு கம்பு 9 சதுர அடியைத் தாங்கும். அதன் தலையில் 567 கிலோ. பீம்களுக்கு அடியில் தனியாக நெருக்கமான வரிசை. ஸ்லாபுக்கு மட்டும் ஏறக்குறைய 90 கம்பு.

அடுத்த வரியில் அந்தக் கம்பு எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருந்தார். நிற்கிற கம்பு நசுங்கி உடைவதில்லை, இடுப்பு வளைந்துதான் உடையும். எந்தச் சுமையில் வளையும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை சூத்திரமாக்கிவிட்டார். அந்தச் சூத்திரத்தில் உயரத்தின் வர்க்கம் வருகிறது. அதாவது அதே கம்பை இரண்டு மடங்கு உயரமாக நிறுத்தினால் அதன் தாங்கும் சக்தி பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. 3 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவுள்ள சவுக்குக் கம்பு 10 அடி உயரத்தில் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். அதுவே 20 அடி உயரத்தில் 550 கிலோதான். வருகிற சுமையோ 567. ஆகவே அவர் 10 அடி மட்டத்தில், இரண்டு திசையிலும், எல்லாக் கம்புகளையும் பிணைத்துக் குறுக்குக் கட்டைகள் காட்டியிருந்தார். நடுவில் பிடித்துவிட்டால் 20 அடிக் கம்பு இரண்டு 10 அடிக் கம்பாக வேலை செய்யும். தாங்கும் சக்தி மறுபடி இரண்டு டன்னுக்கு ஏறும். சுமையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

மேஸ்திரி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் படம் புரியும்.

“பத்தாது சார்.”

“எது பத்தாது மேஸ்திரி? கம்பா, கட்டையா?”

“அது சொல்லத் தெரியல. ஆனா நிக்காது.”

“சுமை அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல. கம்பு ரெண்டு டன் தாங்குது. அப்புறம் ஏன் நிக்காது?”

“மூணடி வேணாம் சார். ரெண்டடிக்கு ஒண்ணா நிறுத்திப்புடுவோம். எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.”

இரண்டடிக்கு ஒன்று என்றால் 180 கம்பைத் தொடும். இன்னொரு லாரி லோடு, இன்னும் நான்கு நாள் கூலி. காண்டிராக்டர் ஒப்பமாட்டார். அதைவிட முக்கியம், கணக்குச் சரியாக இருக்கும்போது ஏன் இரட்டிப்பாக்கவேண்டும் என்று இஞ்சினியருக்குப் புரியவில்லை. “காரணம் சொல்லுங்க, மாத்துறேன்” என்றார். “காரணமெல்லாம் படிச்சவங்க சொல்றது” என்று மேஸ்திரி நகர்ந்துவிட்டார்.

மற்ற சைட்டுகளில் இது இங்கேயே முடிந்திருக்கும். இஞ்சினியர் அதிகாரத்தைக் காட்டியிருப்பார், அல்லது மேஸ்திரி அவருக்குத் தெரியாமல் தன் இஷ்டத்துக்கு நிறுத்தியிருப்பார். இரண்டையும் நான் பின்னாளில் எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் இந்த இளைஞர் மேஸ்திரியின் கொட்டகைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பியது.

“மேஸ்திரி, இந்த மாதிரி உசரமான சென்ட்ரிங் விழுந்து நீங்க பார்த்திருக்கீங்களா?”

மேஸ்திரி உடனே பதில் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பிறகு சொன்னார். அவர் சின்னப் பையனாகக் கம்பு தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் வேறொரு ஊரில் ஒரு கிட்டங்கிக் கூரை, கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போதே இறங்கியிருக்கிறது. இரண்டு பேர் அடியில் சிக்கியிருக்கிறார்கள். மறுநாள் கம்பு பொறுக்கச் சொல்லி இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

“அதுல ஒண்ணு சார், எனக்கு இன்னிக்கும் விளங்கல. கம்பு ஒண்ணுகூட ஒடியல. அம்புட்டும் முழுசாக் கெடந்துச்சு. கெழக்காலயே தலை வச்சு, வரிசையா, படுத்தாப்புல. நாங்க அதே கம்பை எடுத்து அடுத்த வேலைக்கு நிறுத்துனோம்.”

இஞ்சினியர் எழுந்து நின்றுவிட்டார். “ஒடியலையா? நல்லா ஞாபகம் இருக்கா? எல்லாம் ஒரே பக்கமா?”

“ஒரே பக்கம். கைகோத்துக்கிட்டுச் சாஞ்ச மாதிரி.”

கம்பு ஒடிந்து கூரை விழுந்திருந்தால் நடுவில் வளைந்து பிளந்த கம்புகள் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு திசையில் சிதறிக் கிடக்கும். முழுக் கம்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தால், சுமையை எந்தக் கம்பாலும் தாங்க முடியாமல் போகவில்லை என்று பொருள். மொத்தக் கூட்டமும் பக்கவாட்டில் சரிந்திருக்கிறது. இஞ்சினியர் தன் தாளை விரித்து வைத்து, எனக்கும் மேஸ்திரிக்கும் சேர்த்து விளக்கினார். நிற்கிற கம்பும் படுக்கிற கட்டையும் சேர்ந்து ஒரு சதுரம். நான்கு மூலையும் ஆணியிலும் கயிற்றிலும் நிற்பவை. அந்தச் சதுரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது உடையாமலே சாய்சதுரமாகிவிடும். நடுவில் கட்டிய கட்டை கம்பைப் பிடிக்கும் என்பது அந்தக் கட்டை நகராது என்றால்தான் உண்மை. எல்லாக் கம்பும் ஒரே திசைக்கு நகர்ந்தால் கட்டையும் அவற்றோடு சேர்ந்து போகும். யாரையும் யாரும் பிடிக்கவில்லை. அப்போது கணக்கில் இருக்கும் 10 அடி மறுபடி 20 அடியாகிவிடும், நான்கு மடங்கு என்று நினைத்த தெம்பு மிஞ்சாது.

அதே காரணத்தால் மேஸ்திரி கேட்ட இரண்டடி இடைவெளியும் பயன்படாது. 90 கம்பு சாய்கிற மாதிரியே 180 கம்பும் சாயும். அவருடைய சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி, அவர் சொன்ன மருந்து தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மருந்து தவறாக இருந்ததால் அவர் சந்தேகத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

மறுநாள் காலை சோதித்துப் பார்த்தோம். திட்டப்படி நான்கு வரிசைக் கம்பு நிறுத்தி, நடுக்கட்டையும் மேல்கட்டையும் கட்டினோம். தகடு இன்னும் ஏறவில்லை. உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தரைவரை தொங்கவிட்டு அதன் நேர்கீழே ஓர் ஆணி அடித்தோம். மேல்கட்டையில் கயிறு கட்டி நான்கு ஆள் இழுத்தார்கள். பலமாக இழுக்கவில்லை. குண்டு ஆணியை விட்டு இரண்டு அங்குலம் நகர்ந்தது. கூட்டம் முழுவதும் முனகிக்கொண்டு ஒரு பக்கமாகப் போனது. கயிற்றை விட்டதும் திரும்பியது. பிறகு இஞ்சினியர் சொன்னபடி மூலைக்கு மூலை சாய்வுக் கட்டைகள் அடித்தோம். தரை மட்டத்திலிருந்து நடுக்கட்டைக்கு ஒன்று, அங்கிருந்து உச்சிக்கு ஒன்று, இரண்டு திசையிலும். ஒவ்வொரு கட்டையின் நுனியும் கம்பும் படுகட்டையும் சேரும் முடிச்சுக்குப் பக்கத்திலேயே வரவேண்டும் என்பதில் கறாராக இருந்தார். முடிச்சைவிட்டுத் தள்ளி அடித்தால் சாய்வுக்கட்டை கம்பின் இடுப்பைத் தள்ளும், உதவி உபத்திரவமாகும். அதே நான்கு ஆள் மறுபடி இழுத்தார்கள். குண்டு ஆணிமேலேயே நின்றது. மேஸ்திரி தானே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“இப்ப நிக்கும் சார்” என்றார். மூன்றடி இடைவெளியைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை.

தூண்கள் வார்த்து இரண்டு வாரத்துக்குமேல் ஆகியிருந்தது. படுகட்டைகளை அந்தத் தூண்களிலும் இறுக்கிக் கட்டச் சொன்னது மேஸ்திரி. ஒட்டுப்போடுவதிலும் அவர் பேச்சுத்தான் எடுபட்டது. இரண்டு கம்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிறு சுற்றுவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். அப்படிச் செய்தால் மேல்கம்பின் சுமை கீழ்க்கம்பின் மையத்தில் இறங்காமல் ஒரு கம்பு அகலம் தள்ளி இறங்கும், ஒட்டு முறுக்கிக்கொள்ளும். மேஸ்திரி இரண்டு நுனியையும் மட்டமாக அறுத்து, தலைக்குமேல் தலையாக நிறுத்தி, நான்கு பக்கமும் மரச்சிம்பு வைத்து ஆணியடித்துக் கம்பியால் சுற்றினார். எல்லா ஒட்டும் ஒரே மட்டத்தில் வராமல், ஒரு கம்புக்கு மேலே அடுத்த கம்புக்குக் கீழே என்று மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு ஒட்டும் நடுக்கட்டைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அடுத்தது அடிநிலம். இதற்கு இருவருமே சமமாகப் பயந்தார்கள். ஐப்பசி மழை, களிமண். ஒரு கம்பின் அடிப்பரப்பு உள்ளங்கை அளவுகூட வராது. அதில் 567 கிலோ இறங்கினால் ஈரக் களிமண்ணில் அது ஆணிபோல இறங்கும். கம்புக்கடியில் உடைந்த செங்கல்லை வைப்பது எல்லா இடத்திலும் நடப்பது. ஈரமண்ணில் அந்தச் செங்கல்லும் கூடவே புதையும், அல்லது பிளந்துகொள்ளும். மேஸ்திரி 9 அங்குல அகலமுள்ள பலகைகளைத் தொடராகப் போட்டு அதன்மேல் கம்புகளை நிறுத்தினார். பலகை வழியாகக் கம்புக்கு ஒன்றரை அடி நீளத்துக்குச் சுமை பரவினால்கூட, மண் வாங்குகிற அழுத்தம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தூண்களைச் சுற்றி மட்டும் அவருக்குத் திருப்தி வரவில்லை. அங்கே அஸ்திவாரக் குழி தோண்டி, தூண் எழுப்பி, பிறகு மண்ணை அள்ளிப்போட்டு மூடியது. மூடிய மண் எவ்வளவு இடித்தாலும் தோண்டாத மண் ஆகாது. போர்டிகோ நடுவில் நிற்கிற கம்பு அசையாமல் நிற்கும், தூணோரக் கம்பு இறங்கும். இறங்கிய கம்பு தன் சுமையைப் பக்கத்துக் கம்பின் தலையில் ஏற்றிவிடும். அந்த இடங்களில் பலகைக்கு அடியில் குறுக்கே பனஞ்சட்டங்களைப் பரப்பி, குழியைத் தாண்டிக் கெட்டி மண்ணில் இரண்டு நுனியும் உட்காரும்படி செய்தார். மழைத்தண்ணீர் ஓட ஒரு சிறு வாய்க்காலும் வெட்டவைத்தார்.

கான்கிரீட் போட்ட நாள் காலை ஏழு மணிக்குக் கலவை மிஷின் ஓடத் தொடங்கியது. ஸ்லாபும் பீமும் சேர்த்து 30 டன் ஈரக் கலவை. சித்தாள்கள் வரிசையாக இரும்புச் சட்டியில் சுமந்து சாரத்தில் ஏறினார்கள். ஒரே மூலையில் குவித்துவைத்துவிட்டுப் பிறகு பரப்பும் பழக்கத்தை இஞ்சினியர் அனுமதிக்கவில்லை. குவியல் விழும் இடத்தில் கணக்கில் இல்லாத சுமை, எதிர்ப்பக்கத்தில் சுமையே இல்லை. சாய்க்க அது போதும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகப் போகச் சொன்னார். மேஸ்திரி ஒரே ஓர் ஆளோடு அடியிலேயே இருந்தார். பீம்களின் அடிப்பலகையிலிருந்து ஐந்து இடத்தில் தூக்குக்குண்டு தொங்கியது. ஒவ்வொன்றுக்கும் கீழே முளை அடித்து, குண்டின் நுனிக்கும் முளைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தார்கள். குண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் கூட்டம் சாய்கிறது, முளையைத் தொட்டால் இறங்குகிறது. கையில் சுத்தியோடு ஒவ்வொரு ஆப்பையும் தட்டிக்கொண்டே சுற்றினார். சுமை ஏறிய கம்பில் ஆப்பு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பொத்தென்று கேட்டால் அந்தக் கம்பு சும்மா நிற்கிறது, அதன் பங்கைப் பக்கத்துக் கம்பு சுமக்கிறது.

மதியத்துக்குச் சற்றுமுன் வடகிழக்கு மூலைக் குண்டு முளையைத் தொட்டது. மேஸ்திரி மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். இஞ்சினியர் அந்தப் பக்கம் கலவை வருவதை உடனே நிறுத்தி, ஆட்களை எதிர்ப்பக்கம் அனுப்பினார். தூணோரத்தில் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. மேலிருந்து ஒழுகிய கலவைத் தண்ணீர் அங்கே தேங்கி மண்ணை இளக்கியிருந்தது. மேஸ்திரி புதிதாக ஒரு பலகை போட்டு இரண்டு கம்பைச் செருகி, கலவை இறுகுவதற்கு முன்பே ஆப்பு அடித்து மெல்ல மெல்ல ஏற்றினார். குண்டு மறுபடி முளையைவிட்டு எழும்பியது. பக்கவாட்டில் ஒரு குண்டும் அசையவில்லை. நான்கு மணிக்கு வேலை முடிந்தது.

முட்டுப் பிரிப்பதில் மறுபடி ஓர் இழுபறி. கம்புகள் நாள் வாடகைக்கு எடுத்தவை. பத்து நாளில் பிரித்துவிடலாம் என்றார் மேஸ்திரி. 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. 20 அடி பீம் அதைச் சற்றே தாண்டியது. இஞ்சினியர் இம்மியும் இறங்கிவரவில்லை. மேஸ்திரி முணுமுணுத்தாலும் கை வைக்கவில்லை. 21-ஆம் நாள் பீமின் நடுவிலிருந்து தூண்களை நோக்கி ஒவ்வொரு கம்பாக இளக்கி எடுத்தார்.

மேஸ்திரி இப்போது இல்லை. இஞ்சினியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கூப்பிட்ட இடத்துக்குப் போய் ஆலோசனை சொல்கிறார். சில சமயம் துணைக்கு என்னையும் கூப்பிடுவார். சென்ற ஆண்டு திருச்சிப் புறவழிச்சாலையோரம் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்துக்குப் போனோம். நடுக்கூடம் 12 மீட்டருக்கு 10 மீட்டர். 7 மீட்டர் உயரத்தில் 20 சென்டிமீட்டர் கனத் தளம். அடியில் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் கப்லாக் இரும்புக் குழாய்கள், 1.2 மீட்டருக்கு ஒன்று. உயரத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு படுகுழாய். சைட் இஞ்சினியர் ஒரு பெண், வயது இருபத்தாறு இருக்கும். கணக்கை மடிக்கணினியில் காட்டினார். சதுர மீட்டருக்கு 800 கிலோ, ஒரு குழாய்க்கு 1,152 கிலோ, குழாயின் அனுமதிச் சுமை அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எல்லாம் சரி. மறுநாள் காலை 5 மணிக்குக் கான்கிரீட் பம்பு வருவதாக இருந்தது.

நாங்கள் கூடத்துக்குள் போனோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்வை தடையில்லாமல் ஓடியது. சாய்குழாய் ஒன்றுகூட இல்லை. குழாய் கொடுத்த கம்பெனியின் வரைபடத்தில் அவை தெளிவாக இருந்தன. கம்பிக் கட்டுகளும் தள்ளுவண்டியும் போய்வர இடைஞ்சல் என்று கட்டாமல் விட்டிருந்தார்கள். தவிர ஸ்டோரிலிருந்து அந்தக் குழாய்கள் வந்துசேரவும் இல்லை.

“அம்மா, இது எவ்வளவு தாங்கும்னு பார்த்துட்டீங்க. விழுறதா இருந்தா எப்படி விழும்?” என்று எங்கள் இஞ்சினியர் கேட்டார்.

அந்தப் பெண் சற்று யோசித்தார். “குழாய் பக்கிள் ஆகி... ஒன்றரை மீட்டருக்கு நடுவில்.”

“அந்த ஒன்றரை மீட்டர் புள்ளி நகராம யார் பிடிச்சிருக்காங்க?”

அவர் நிமிர்ந்து குழாய் வரிசையைப் பார்த்தார். அடுத்த கேள்வி தேவைப்படவில்லை. அங்கேயே கைபேசியில் கணக்குப் போட்டார். அதே இரும்புக் குழாய் 7 மீட்டரும் ஒரே கம்பாக வளைந்தால் அரை டன்கூடத் தாங்காது. கப்லாக் முடிச்சு ஆணிக்கட்டைவிட விறைப்பானதுதான். ஓரளவு சாயாமல் பிடிக்கும். ஆனால் அந்தப் பிடிமானத்தை மட்டும் நம்பி ஒரு கூடத்தை நிறுத்த முடியாது. தளமும் ஆட்களும் சேர்ந்து 96 டன். செங்குத்துச் சுமையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்காவது பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது பிரிட்டிஷ் விதிநூலான பி.எஸ். 5975. இங்கே அது 2.4 டன். சித்தாள் வரிசை இருந்த இடத்தில் இன்று பம்புக் குழாய் இருக்கிறது. அது ஒவ்வொரு உந்தலுக்கும் தளத்தை உலுக்கும். அந்த 2.4 டன்னைத் தரைக்குக் கொண்டுபோக அங்கே ஒரு வழியும் இல்லை.

அந்தப் பெண் சலனமில்லாமல் பம்பை ரத்துசெய்யச் சொன்னார். காண்டிராக்டரின் மேலாள் கொதித்தார். காத்திருப்புக் கட்டணம் யார் தலையில் என்று கேட்டார். “குழாய் குறையா வந்திருக்கு, நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்பதற்குமேல் அந்தப் பெண் எதுவும் பேசவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது ஒடிசாவிலிருந்து வந்த சென்ட்ரிங் ஃபோர்மேன் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுக்காரர். அவருடைய ஆட்களுக்குச் சதுர அடிக்கணக்கில் கூலி. தளம் போட்டால்தான் காசு. ரத்து என்றதும் அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவர் முன்னால் வந்து, தெரிந்த தமிழில், “மேடம், நான் முதல் நாளே கேட்டேன். கிராஸ் பைப் வேணும்னு” என்றார்.

“யார்கிட்ட?”

மேலாளைக் காட்டினார். அப்போது இந்தியில் கேட்டாராம். இல்லாமலே போடு என்று பதில் வந்ததாம். எங்கள் மேஸ்திரி இருந்த இடத்தில் இன்று இவர் இருக்கிறார். சந்தேகம் அதே சந்தேகம். மேஸ்திரிக்கு வாய் இருந்தது. ‘நிக்காது சார்’ என்று முகத்துக்கு நேரே சொல்ல முப்பது வருஷ உரிமை இருந்தது. அவர் கொட்டகைக்கு நடந்துபோய்க் கேட்க ஓர் ஆளும் இருந்தார். மாதத்துக்கு ஒரு சைட் என்று மாறிக்கொண்டிருக்கும் இவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இரும்பு வந்ததால் கம்பு பலமாகிவிட்டது, அதைச் சந்தேகிக்கிற ஆள் பலவீனமாகிவிட்டார். எனக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. கூரைக்கடியில் நிற்கப்போவது அவரும் அவருடைய ஆட்களும்தான்.

“எத்தனை வேணும்?” என்று இஞ்சினியர் பெண் கேட்டார்.

ஃபோர்மேன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். 36 குழாய், நுனிக்கு ஒன்றாக 72 கிளாம்ப். கூடத்தின் ஒரு படமும் கோடுகளோடு போட்டிருந்தார். வெளிவரிசை நான்கிலும், உள்ளே மூன்று வரிசைக்கு ஒன்றிலும், இரண்டு திசையிலும். எங்கள் இஞ்சினியர் அதை வாங்கிப் பார்த்து, இரண்டு இடத்தில் மட்டும் குழாயின் நுனியை முடிச்சுக்கு நெருக்கிவைக்கச் சொல்லித் திருத்தினார். அந்தப் பெண் அந்தப் பக்கத்தையே படம் எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார். சாமான் வந்து, கட்டி, இழுத்துப் பார்த்து, மூன்றாம் நாள் தளம் போட்டார்கள். பம்பின் காத்திருப்புக் கட்டணம் யாருடையது என்ற தகராறு அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.